கடன் திரும்பாதபோது வங்கியில் உண்மையில் குறைவது எது?

2020 நவம்பரில், கரூரில் 1926ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி, சிங்கப்பூரின் டிபிஎஸ் குழுமத்துக்குச் சொந்தமான இந்தியத் துணை நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. ஊரில் கணக்கு வைத்திருந்த பலருக்கு அது அச்சமூட்டிய வாரமாக இருந்தது. அப்போது எழுந்த பேச்சுகளில் இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்பக் கேட்டன. ஒன்று, கடனைக் கட்டாதவர்கள் வைப்புத்தொகையாளர்களின் பணத்தை விழுங்கிவிட்டார்கள் என்பது. மற்றொன்று, வங்கியின் மூலதனம் எங்கோ பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பணம் என்பதும், அதை எடுத்து நட்டத்தை ஈடுகட்டியிருக்கலாமே என்பதும். இரண்டும் சரியல்ல. ஆனால், கடன் வசூலாகாமல் போகும்போது வங்கியின் கணக்கேட்டில் எந்த வரி குறைகிறது, எந்த வரி குறையாமல் நிற்கிறது என்பதைக் கண்டுகொண்டால், அந்த வங்கிக்கு நேர்ந்தது முழுவதும் விளங்கிவிடும்.

## மளிகைக் கடையின் பற்று நோட்டு

சிராங்கூன் சாலையில் ஒருவர் மொத்த மளிகைக் கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய வாடிக்கையாளர்கள் அக்கம்பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள். அவர்கள் அரிசியும் பருப்பும் கடனுக்கு வாங்கிக்கொண்டு பிறகு கட்டுகிறார்கள். பற்று நோட்டைக் கூட்டிப் பார்த்தால் அவருக்கு வர வேண்டியது 100,000 வெள்ளி. அந்தச் சரக்கை அவரும் இறக்குமதியாளர்களிடம் கடனுக்குத்தான் எடுத்திருக்கிறார். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது 92,000 வெள்ளி. வர வேண்டியதிலிருந்து கொடுக்க வேண்டியதைக் கழித்தால் மிஞ்சும் 8,000 வெள்ளிதான் அவருக்குச் சொந்தமானது.

இப்போது 5,000 வெள்ளி பாக்கி வைத்திருந்த ஒரு சாப்பாட்டுக் கடை மூடப்பட்டு, அதன் உரிமையாளரிடம் வசூலிக்க எதுவும் இல்லை என்று தெரியவருகிறது. அன்று மளிகைக் கடையின் கல்லாவிலிருந்து ஒரு வெள்ளிகூட வெளியே போகவில்லை. கடை வழக்கம்போல் திறந்திருக்கிறது. ஆனால் நோட்டில் வர வேண்டியது 95,000 ஆகிவிட்டது. இறக்குமதியாளர்களுக்குக் கொடுக்க வேண்டிய 92,000 அப்படியே இருக்கிறது. அவருடைய சொந்தப் பங்கு 8,000 வெள்ளியிலிருந்து 3,000 வெள்ளியாகச் சுருங்கியது. நோட்டில் நூற்றுக்கு ஐந்து மட்டுமே போயிற்று. சொந்தப் பங்கிலோ பாதிக்கு மேல் போய்விட்டது.

வங்கியின் கணக்கும் இதே அமைப்பு உடையது. அது பிறருக்குக் கொடுத்த கடன்கள் அதன் சொத்து. வைப்புத்தொகையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டியது அதன் பொறுப்பு. சொத்திலிருந்து பொறுப்பைக் கழித்தால் மிஞ்சுவது அதன் மூலதனம். மூலதனம் ஒரு கழித்தலின் விடை. அது பணமாக எந்த அறையிலும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை. அது பங்குதாரர்களுக்கு உரியது. வங்கித் தொழிலில் இந்த மிச்சம் எப்போதும் மெல்லியதாகவே இருக்கும் என்பதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் காரணம்.

சுருக்கமாகச் சொன்னால், கடன் வராதபோது முதலில் குறைவது சொத்தின் மதிப்பு, பொறுப்பு குறைவதில்லை, ஆகவே முழு இழப்பும் நடுவிலுள்ள மெல்லிய மூலதனத்தின் மீது விழுகிறது.

## 90 நாள் என்ற கோடு

ஒரு கடன் வராது என்று எப்போது முடிவு செய்வது? வங்கியின் விருப்பத்துக்கு விட்டால் அந்த முடிவு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அதனால் மேற்பார்வை அமைப்புகள் ஒரு கோட்டைப் போட்டிருக்கின்றன. அசலோ வட்டியோ 90 நாட்களைக் கடந்தும் செலுத்தப்படாமல் இருந்தால் அந்தக் கடன் செயல்படாச் சொத்து என்று வகைப்படுத்தப்படும். செய்தித்தாள்கள் வாராக்கடன் என்று எழுதுவது இதைத்தான். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2004 மார்ச்சிலிருந்து இந்த 90 நாள் அளவைக் கடைப்பிடிக்கிறது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதியும் 90 நாட்களையே பொது அளவாகக் கொள்கிறது. ஆனால் நாள் கணக்கு நிறைவடையாவிட்டாலும், கடன் வாங்கியவரால் கட்ட முடியாது என்பதற்கான பலவீனம் தெளிவாகத் தெரிந்தால் முன்கூட்டியே வகைப்படுத்த வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. என் பார்வையில் நாள் எண்ணிக்கையைவிட இந்த இரண்டாவது கடமையே முக்கியமானது. நிறுவனம் நொடித்துப்போகும் அறிகுறிகள் தவணை தவறுவதற்கு வெகு முன்பே வங்கிக்குத் தெரிந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 100 கோடி ரூபாய்க் கடனில் 3 கோடி ரூபாய்த் தவணைகள் தவறினால், செயல்படாச் சொத்தாக எழுதப்படுவது அந்த 3 கோடி அன்று. நிலுவையிலுள்ள கடன் முழுவதும் எழுதப்படும். வாராக்கடன் புள்ளிவிவரத்தைப் பார்த்து அத்தனையும் தொலைந்துவிட்டது என்று எண்ணுவது எவ்வளவு தவறோ, தவறிய தவணை மட்டும்தான் சிக்கலில் இருக்கிறது என்று எண்ணுவதும் அவ்வளவு தவறு.

கோட்டைத் தாண்டிய அன்றே வங்கிக்கு முதல் அடி விழுகிறது. அதுவரை அந்தக் கடனுக்கு வட்டி வந்ததாகவே கணக்கில் எழுதி வந்த இந்திய வங்கி, இனி பணமாகக் கையில் வந்தால் மட்டுமே அதை வருமானமாகக் காட்டலாம். வராமலேயே வருமானம் என்று காட்டிய வட்டியையும் திரும்பக் கழித்துவிட வேண்டும். ஆனால் அந்தக் கடனைக் கொடுக்கப் பயன்பட்ட வைப்புத்தொகைக்கு வங்கி தர வேண்டிய வட்டி ஒரு நாளும் நிற்பதில்லை.

## ஒதுக்கீடு: இழப்பைத் தவணை முறையில் ஒப்புக்கொள்ளுதல்

இரண்டாவது அடி பெரியது. செயல்படாமல் போன கடனில் எவ்வளவு திரும்பாது என்று மதிப்பிட்டு, அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாக எழுத வேண்டும். இதற்கு ஒதுக்கீடு என்று பெயர். நட்டத்தைச் சமாளிக்கப் பணத்தைத் தனியே எடுத்து வைப்பது என்று இதைப் பலர் புரிந்துகொள்கிறார்கள். பணம் எங்கும் நகர்வதில்லை. கடனின் மதிப்பு ஏட்டில் குறைக்கப்படுகிறது, அதே அளவு இலாபம் குறைகிறது, அவ்வளவுதான்.

லட்சுமி விலாஸ் வங்கி இயங்கிய காலத்தில் இந்தியாவில் இருந்த விதிப்படி ஒரே ஒரு கடனைத் தொடர்ந்து பார்ப்போம். ஒரு நூற்பாலைக்கு 100 கோடி ரூபாய்க் கடன். ஈடாகப் பெற்ற நிலமும் இயந்திரங்களும் 60 கோடி பெறும். 90 நாள் தாண்டியதும் அது தரம் குறைந்த கடன் என்ற வகையில் சேரும். நிலுவையில் 15 விழுக்காடு, அதாவது 15 கோடி ஒதுக்கப்பட வேண்டும். அப்படியே பன்னிரண்டு மாதங்கள் கழிந்தால் அது சந்தேகத்துக்குரிய கடன் என்ற வகைக்கு இறங்கும். அப்போது ஈட்டுக்கு மேற்பட்ட 40 கோடியை முழுமையாகவும், ஈடு உள்ள 60 கோடியில் 25 விழுக்காடான 15 கோடியையும் ஒதுக்க வேண்டும். மொத்தம் 55 கோடி. மேலும் ஓராண்டு சென்றால் ஈடு உள்ள பகுதிக்கான விழுக்காடு 40 ஆகி, ஒதுக்கீடு 64 கோடியாகும். சந்தேகத்துக்குரிய வகையில் மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டால் 100 கோடியும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்தப் படிகளில்தான் சிக்கலின் முழு வடிவமும் இருக்கிறது. கடன் கெட்டுப்போன ஆண்டில் 15 கோடி மட்டுமே இலாபத்திலிருந்து போகிறது. எஞ்சிய இழப்பு, புதிதாக ஒரு கடனும் கெடாவிட்டாலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் தானாகவே வந்து சேரும். ஈடாகக் கிடைத்த சொத்தின் மதிப்பும் இடையில் சரிந்தால் அது இன்னும் விரைவாக வரும்.

இதிலிருந்து இரண்டு அளவுகள் பிறக்கின்றன. மொத்தக் கடனில் செயல்படாதவற்றின் பங்கு மொத்த வாராக்கடன் விகிதம். அவற்றுக்கு ஏற்கெனவே செய்த ஒதுக்கீட்டைக் கழித்த பிறகு எஞ்சுவது நிகர வாராக்கடன் விகிதம். முதலாவது, எவ்வளவு கடன் கெட்டிருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது, அதில் எவ்வளவு இன்னும் இழப்பாக ஒப்புக்கொள்ளப்படவில்லை என்று சொல்கிறது. செய்திகளில் பெரும்பாலும் முதல் எண்தான் தலைப்பாக வருகிறது. மூலதனத்துக்கு என்ன நேரப்போகிறது என்று அறிய விரும்புவோர் இரண்டாவதைத்தான் தேட வேண்டும்.

## கரூர் வங்கியின் மூன்று ஆண்டுகள்

வங்கிகளின் மூலதனத்தை நேராக மொத்தச் சொத்தோடு ஒப்பிடுவதில்லை. அரசாங்கப் பத்திரம்போல் ஆபத்து குறைந்தவற்றைக் குறைவாகவும், நிறுவனக் கடன்போல் ஆபத்து மிகுந்தவற்றைக் கூடுதலாகவும் எடைபோட்டுக் கூட்டி, அந்தத் தொகையில் மூலதனம் எத்தனை விழுக்காடு என்று பார்க்கிறார்கள். இது மூலதனப் போதுமை விகிதம். இந்தியாவில் இது 9 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. அதன் மேல் ஒரு பாதுகாப்பு அடுக்கும் வேண்டும்.

2018 மார்ச்சில் லட்சுமி விலாஸ் வங்கியின் மொத்த வாராக்கடன் விகிதம் 9.98 விழுக்காடு, மூலதனப் போதுமை 9.81 விழுக்காடு. ஓராண்டு கழித்து, 2019 மார்ச்சில், வாராக்கடன் 15.30 ஆக ஏறியது, மூலதனம் 7.72 ஆக இறங்கியது. 2020 மார்ச்சில் வாராக்கடன் 25.39 விழுக்காடு, மூலதனம் 1.12 விழுக்காடு. இந்த மூன்று நிதியாண்டுகளிலும் வங்கி நட்டத்தையே காட்டியது. மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 2,300 கோடி ரூபாய்.

2020 மார்ச்சு எண்களோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அன்று நிகர வாராக்கடன் விகிதம் ஏறத்தாழ 10 விழுக்காடு. அதாவது, கெட்டுப்போன கடன்களுக்கு அதுவரை செய்த ஒதுக்கீடுகளையெல்லாம் கழித்த பிறகும், இழப்பாக ஒப்புக்கொள்ளப்படாத பெரும் தொகை ஏட்டில் சொத்தாகவே நின்றது. அதைத் தாங்குவதற்கு இருந்த மூலதனம் 1 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. நூற்பாலை எடுத்துக்காட்டில் பார்த்த படிகள் அங்கே ஆயிரக்கணக்கான கோடிகளுக்கு வரிசையில் காத்துக்கொண்டிருந்தன. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த எவருக்கும் முடிவு அன்றே தெரிந்திருக்கும்.

2020 செப்டம்பரில் மொத்த வாராக்கடன் 24.45 விழுக்காடாகக் குறைந்தது. நிகர வாராக்கடனும் ஏறத்தாழ 7 விழுக்காடாக இறங்கியது. மேலோட்டமாகப் பார்த்தால் முன்னேற்றம். ஆனால் நிகர விகிதத்தைக் குறைத்தது பெரும்பாலும் கூடுதல் ஒதுக்கீடுதான். அந்த ஒதுக்கீடு மூலதனத்திலிருந்தே போயிற்று. அதே செப்டம்பரில் மூலதனப் போதுமை விகிதம் சுழியத்துக்குக் கீழே, கழித்தல் 2.85 விழுக்காடாக இருந்தது. வாராக்கடன் விகிதம் குறைந்தால் வங்கி நலமடைகிறது என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முழுமையாக ஒதுக்கப்பட்ட கடனை ஏட்டிலிருந்து நீக்கினாலும் மொத்த விகிதம் குறையும். அப்போதும் வங்கிக்கு ஒரு ரூபாயும் வந்திருக்காது, கடன் வாங்கியவரின் கடமையும் தீர்ந்திருக்காது.

## வீழ்ச்சி ஏன் தன்னைத்தானே விரைவுபடுத்துகிறது

மூலதனம் குறைந்த வங்கி, நிலையாக நின்றுகொண்டு மீண்டுவர முடிவதில்லை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி லட்சுமி விலாஸ் வங்கியை உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ்க் கொண்டுவந்தது. அதன் பொருள், புதிய கடன் கொடுப்பதிலும் விரிவாக்கத்திலும் கடுமையான கட்டுப்பாடுகள். இது தேவையான நடவடிக்கைதான். ஆனால் அதன் விளைவாக நல்ல கடன்கள் கட்டி முடிக்கப்பட்டு ஏட்டை விட்டு வெளியேற, அவற்றின் இடத்துக்குப் புதியவை வருவதில்லை. கெட்ட கடன்கள் மட்டும் அசையாமல் இருக்கும். கடன் தொகுப்பு சுருங்கச் சுருங்க, கெட்டவற்றின் விகிதம் புதிதாக எதுவும் கெடாமலேயே உயரும். வட்டி வருமானமோ குறையும். இதற்கிடையில் வைப்புத்தொகையாளர்களும் விலகத் தொடங்குவார்கள். இந்த வங்கியின் வைப்புத்தொகை 2018 மார்ச்சில் ஏறத்தாழ 33,000 கோடி ரூபாயாக இருந்து, 2020இல் ஏறத்தாழ 21,000 கோடியாகிவிட்டது.

இந்தச் சுழலுக்கு அஞ்சியே சில வங்கிகள் தொடக்கத்தில் கெட்ட கடனை மறைக்க முற்படுகின்றன. 90ஆம் நாள் நெருங்கும்போது அதே நிறுவனத்துக்குப் புதிய கடன் ஒன்றைக் கொடுத்து, அந்தப் பணத்தாலேயே பழைய தவணையைக் கட்டச் செய்தால் நாள் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஏட்டில் கடன் நல்லதாகவே தெரியும்; உண்மையில் திரும்பாத தொகை வளர்ந்துகொண்டிருக்கும். 2015இல் ரிசர்வ் வங்கி இந்திய வங்கிகளின் சொத்துத் தரத்தைக் கடுமையாக ஆய்வு செய்தபோது வாராக்கடன் எண்கள் திடீரென்று எழும்பியதற்கு இது ஒரு காரணம். கடன்கள் அந்த ஆண்டில் கெடவில்லை. அந்த ஆண்டில்தான் ஒப்புக்கொள்ளப்பட்டன.

## யார் எதை இழந்தார்கள்

2020 நவம்பர் 17 அன்று பணம் எடுப்பதற்கு 25,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டது. நவம்பர் 27 அன்று இணைப்பு நடைமுறைக்கு வந்து, வரம்பும் நீங்கியது. டிபிஎஸ் தன் இந்தியத் துணை நிறுவனத்தில் 2,500 கோடி ரூபாயை, அதாவது அன்றைய மதிப்பில் 463 மில்லியன் வெள்ளியைப் புதிய மூலதனமாகச் செலுத்தியது. அது வங்கியின் மூன்றாண்டு நட்டத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போவதைக் கவனியுங்கள்: தேய்ந்துபோன அடுக்குதான் மறுபடி நிரப்பப்பட்டது.

வைப்புத்தொகையாளர்கள் பத்து நாட்கள் தவித்தார்கள். ஆனால் பணத்தை இழக்கவில்லை. பங்குதாரர்களின் மூலதனம் முழுவதும் சுழியமாக எழுதப்பட்டது. வங்கி வெளியிட்டிருந்த இரண்டாம் அடுக்கு மூலதனப் பத்திரங்களில் 318 கோடி ரூபாயும் அழிக்கப்பட்டது. வங்கி முடங்கும் நிலையில் இழப்பைப் பகிர்வதற்கென்றே உருவாக்கப்பட்ட பத்திரங்கள் அவை. கூடுதல் வட்டி கிடைக்கிறதே என்று வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்த நிபந்தனையைப் படித்திருப்பார்கள் என்பது கவலைக்குரிய கேள்வி. இழப்பு பொதுவாக இந்த வரிசையில்தான் இறங்குகிறது: முதலில் பங்குதாரர், அடுத்து இத்தகைய பத்திரதாரர், கடைசியாகவே வைப்புத்தொகையாளர். புதிய மூலதனம் தர ஒருவர் முன்வந்திராவிட்டால் கடைசி வரிசையையும் அது தொட்டிருக்கக்கூடும். இந்தியாவில் வைப்புத்தொகைக் காப்புறுதி 5 இலட்சம் ரூபாய் வரையிலும், சிங்கப்பூரில் 2024 ஏப்ரல் முதல் 100,000 வெள்ளி வரையிலும் இருப்பது அந்தக் கடைசி நிலைக்காகத்தான்.

## அதே வகை அடி, தடித்த மூலதனம்

சிங்கப்பூரிலும் பெரிய கடன்கள் கெட்டிருக்கின்றன. 2014இன் நடுவில் பீப்பாய் 100 அமெரிக்க டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே சரிந்தது. கடலடி எண்ணெய்த் துறைக்குச் சேவை செய்துவந்த சுவைபர் நிறுவனம் அந்த ஆண்டு ஜூலையில் நொடித்தது. டிபிஎஸ் வங்கிக்கு அது தர வேண்டியிருந்தது ஏறத்தாழ 700 மில்லியன் வெள்ளி. இத்துறைக் கடன்களுக்கு ஈடாக இருந்தவை பெரும்பாலும் எண்ணெய்த் தளங்களுக்குப் பணிபுரியும் கப்பல்கள். எண்ணெய் விலை சரிந்தபோது கடன் வாங்கியவரின் வருமானமும் ஈட்டின் விலையும் ஒரே நேரத்தில் விழுந்தன. ஈடு இருக்கிறது என்ற ஆறுதல், அது கடன் வாங்கியவரின் தொழிலையே சார்ந்திருக்கும்போது மிகவும் பலவீனமானது.

ஆனாலும் டிபிஎஸ் அசையவில்லை. 2016ஆம் ஆண்டில் அதன் நிகர இலாபம் 4 பில்லியன் வெள்ளியைத் தாண்டியிருந்தது. கெட்ட கடனுக்கான ஒதுக்கீடு முதலில் தின்பது அந்த ஆண்டின் இலாபத்தை. இலாபம் போதாதபோது மட்டுமே அது மூலதனத்தைத் தொடுகிறது. லட்சுமி விலாஸ் வங்கிக்கு அந்த முதல் தடுப்பே இல்லாமல் போயிருந்தது.

சிங்கப்பூரின் மூன்று உள்ளூர் வங்கிகளும் காலாண்டு அறிக்கையில் வாராக்கடன் விகிதத்தையும், ஒதுக்கீட்டு அளவையும், பங்குதாரர்களின் மூலதனத்தை மட்டும் கணக்கில் கொள்ளும் முதல்நிலைப் பங்கு மூலதன விகிதத்தையும் வெளியிடுகின்றன. அண்மை ஆண்டுகளில் வாராக்கடன் விகிதம் 1 முதல் 1.5 விழுக்காட்டை ஒட்டியும், அந்த மூலதன விகிதம் 13 விழுக்காட்டுக்கு மேலும் இருந்துவருகின்றன. எந்த நாட்டு வங்கியாயினும், ஊரில் நீங்கள் வைப்புத்தொகை போட்டிருக்கும் சிறு வங்கியாயினும், ஆண்டறிக்கையில் நிகர வாராக்கடன் தொகையை எடுத்து மூலதனத் தொகையால் வகுத்துப் பாருங்கள். விடை பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால், ஒப்புக்கொண்ட கெட்ட கடன்கள் முழுவதும் திரும்பாமல் போனாலும் மூலதனத்தின் பெரும்பகுதி நிற்கும். அது பாதியை நெருங்கி ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டும், வங்கி இலாபம் காட்டாமலும் இருந்தால், காப்புறுதி வரம்புக்கு மேற்பட்ட தொகையை அங்கே வைத்திருக்கக் காரணமில்லை.